அப்பாவுக்கு, நிறுத்திய மாத்திரை பற்றி

இது அப்பாவுக்கு எழுதிய கடிதம். படித்துவிட்டு, "பேரையும் ஊரையும் எடுத்துட்டு மத்தவங்களுக்கும் காட்டு, என்னோட வாக்கிங் வர்றவங்கள்லயே ரெண்டு பேர் இப்படித்தான் நிறுத்தியிருக்காங்க" என்றார். நான் இங்கிலாந்தில் ஒரு மருந்துக்கடையில் பார்மசிஸ்ட். கடிதத்தில் உள்ள அளவுகளும் எண்களும் அப்பாவுக்கு உரியவை. உங்களுக்கு எது சரி என்று உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

அன்புள்ள அப்பாவுக்கு,

போனில் இதைப் பேச ஆரம்பித்தால் இரண்டாவது நிமிடத்தில் "இரு, அம்மாகிட்ட குடுக்கறேன்" என்று சொல்லிவிடுகிறீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். டிபன் முடித்துக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படியுங்கள். திட்டப் போவதில்லை.

முதலில் அவசரமான விஷயம். "கொழுப்பு மாத்திரையை மட்டும்தான் நிறுத்தினேன், மத்ததெல்லாம் ஒழுங்கா போட்டுக்கறேன்" என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறீர்கள். எதற்கும் இருக்கட்டும் என்று மாத்திரை டப்பாவில் இருக்கிற எல்லா அட்டைகளையும் பின்பக்கம் திருப்பிப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். நீங்கள் ஒதுக்கி வைத்தது மாத்திரை இல்லை, கேப்ஸ்யூல். அதன் பின்னால் பொடி எழுத்தில் இரண்டு மருந்துகளின் பெயர் இருக்கிறது. அடோர்வாஸ்டாடின் 40 மில்லிகிராம், ஆஸ்பிரின் 75 மில்லிகிராம். முதலாவதுதான் கொலஸ்ட்ராலுக்கு. இரண்டாவது, இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்த இடத்தில் ரத்தம் கட்டிக்கொள்ளாமல் இருக்க. நம் ஊரில் இந்த இரண்டையும் ஒரே கேப்ஸ்யூலில் போட்டுக் கொடுப்பது வழக்கம். ஒன்றோடு வேலை முடிகிறதே என்று டாக்டர்களும் அதையே எழுதுகிறார்கள். அதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் நோயாளி ஒன்றை நிறுத்துவதாக நினைத்து இரண்டையும் நிறுத்திவிடுகிறார்.

டப்பாவில் வேறு ஆஸ்பிரின் இல்லை. க்ளோபிடோக்ரல் என்ற இன்னொரு ரத்தக்கட்டு மாத்திரையை ஒரு வருடம் முடிந்ததும் டாக்டரே நிறுத்திவிட்டார். ஆஸ்பிரினை நிறுத்தினால் பத்து நாளுக்குள் அதன் வேலை முழுதாகப் போய்விடும். பொங்கலுக்குப் பிறகு நிறுத்தினீர்கள் என்றால், இத்தனை வாரமாக உங்கள் ஸ்டென்ட்டுக்கு எந்தக் காவலும் இல்லை. அதனால் அடுத்த செக்கப் தேதி வரட்டும் என்று இருக்காதீர்கள். நாளைக் காலையிலேயே கிளினிக்குக்கு போன் செய்து, எப்போது நிறுத்தினீர்கள் என்று மறைக்காமல் சொல்லுங்கள். இடையில் மலம் கருப்பாகப் போனதா, வயிற்றுப்புண் என்று யாராவது சொன்னார்களா, பல் பிடுங்கினீர்களா என்று கேட்பார்கள். எதுவும் இல்லையென்றால் அன்றைக்கே ஆரம்பிக்கச் சொல்வார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

சரி, இனி நீங்கள் சொன்ன காரணத்துக்கு வருகிறேன். "உடம்பு நல்லா இருக்கு. நடந்தா மூச்சு வாங்கல, நெஞ்சு வலிக்கல, அப்புறம் எதுக்கு?"

அப்பா, அட்டாக் வந்ததற்கு முந்தின நாள் எப்படி இருந்தீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். அன்றைக்கு வயலில் மோட்டார் ஓடவில்லை என்று சைக்கிளில் போய்ச் சரி செய்துவிட்டு வந்தீர்கள். ராத்திரி இட்லி சாப்பிட்டீர்கள். அன்றைக்கும் உடம்பு நன்றாகத்தான் இருந்தது. விடியற்காலையில்தான் எல்லாம். அந்த முந்தின நாள் உங்கள் கெட்ட கொலஸ்ட்ரால், அதாவது எல்டிஎல், 142. அது 142 என்று உங்கள் உடம்பு உங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லவும் சொல்லாது. சர்க்கரை ஏறினால் தாகம் எடுக்கும், அடிக்கடி சிறுநீர் போகும். கொலஸ்ட்ராலுக்கு அப்படி ஒரு அறிகுறியும் கிடையாது. ரத்தத்தை எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். அதனால் "நன்றாக இருக்கிறேன்" என்பதை வைத்து இந்த ஒரு மாத்திரையை மட்டும் எடைபோட முடியாது. தலைவலி மாத்திரை என்றால் வலி போனதும் நிறுத்திவிடலாம். இது வலிக்காகக் கொடுத்ததே இல்லை.

அடுத்த காரணம் ரிப்போர்ட். போன தீபாவளி சமயத்தில் எடுத்த ரிப்போர்ட்டில் எல்டிஎல் 68 என்று வந்ததும் "நார்மல் ஆகிடுச்சு, இனிமே வேண்டாம்" என்று முடிவு செய்தீர்கள். இங்கே என் கவுண்டருக்கு வருகிறவர்களில் எத்தனை பேர் இதையே சொல்கிறார்கள் தெரியுமா? அந்த 68 உங்கள் உடம்பின் எண் இல்லை அப்பா. மாத்திரை வேலை செய்யும்போது கிடைக்கிற எண். 142-ஐப் பாதிக்கும் கீழே கொண்டுவந்து வைத்திருந்தது அது. நீங்கள் எண்ணெயைக் குறைத்ததற்கும் நடந்ததற்கும் அதில் கொஞ்சம் பங்கு உண்டு. ஆனால் சாப்பாட்டால் மட்டும் பெரும்பாலானவர்களுக்கு எல்டிஎல் பத்துப் பதினைந்து சதவீதம் குறைந்தால் பெரிய விஷயம். ஏனென்றால் கொலஸ்ட்ராலில் பெரும்பங்கு தட்டிலிருந்து வருவதில்லை, உடம்பே தயாரிக்கிறது. அதில் முக்கியமான இடம் கல்லீரல். நாம் தூங்கும்போதும் அது தயாரித்துக்கொண்டே இருக்கும். அடோர்வாஸ்டாடின் மாதிரியான மருந்துகளுக்கு ஸ்டாடின் என்று பெயர். ஸ்டாடின் அங்கே போய் அந்தத் தயாரிப்பில் ஒரு முக்கியமான நொதியைத் தடுக்கிறது. தனக்கு வேண்டிய கொலஸ்ட்ரால் குறைந்ததும் கல்லீரல் ரத்தத்தில் ஓடுகிற எல்டிஎல்லைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்கிறது. ரத்தத்தில் அளவு இறங்குவது அப்படித்தான். மாத்திரையை நிறுத்தினால் நொதி பழையபடி வேலையை ஆரம்பிக்கும். சில வாரங்களில் எண் கிளம்பிய இடத்துக்கே வந்து சேரும்.

உங்களுக்கு அதுதான் நடந்திருக்கிறது. அம்மா போன வாரம் அனுப்பிய ரிப்போர்ட்டில் எல்டிஎல் 136. நீங்கள் சாப்பாட்டில் எதையும் மாற்றவில்லை, நடையை விடவில்லை, எடையும் ஏறவில்லை. மாறியது கேப்ஸ்யூல் ஒன்றுதான்.

அந்தத் தாளிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. 136-க்கு நேரே "பார்டர்லைன்" என்று அச்சடித்திருக்கிறார்கள். நீங்களும் "பார்டர்தானே, தாண்டலையே" என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறீர்கள். லேப்காரர்கள் ஓரத்தில் போடுகிற அட்டவணை பொதுவானது. 100-க்குள் நல்லது, 130 முதல் 159 வரை பார்டர்லைன் என்று எல்லோருடைய தாளிலும் அதே அட்டவணைதான் வரும். இருபத்தைந்து வயதுப் பையனின் தாளிலும் அதுதான் இருக்கும். தாளைப் படிக்கிறவருக்கு ஸ்டென்ட் இருக்கிறதா என்று லேபுக்குத் தெரியாது. ஒரு தடவை மாரடைப்பு வந்தவருக்கு அந்த அட்டவணை பொருந்தாது. உங்களுக்கு எல்டிஎல் 70-க்குக் கீழே இருக்க வேண்டும், 55-க்குக் கீழே போனால் இன்னும் நல்லது என்பதுதான் இப்போது இதய டாக்டர்கள் வைத்திருக்கும் கணக்கு. அப்படிப் பார்த்தால் 136 என்பது உங்களுக்கு வேண்டியதைப் போல இரண்டு மடங்கு. தீபாவளி சமயத்து 68 கூட மட்டுமட்டான பாஸ் மார்க்தான்.

இந்த வித்தியாசத்துக்கு என்ன விலை என்று கேட்பீர்கள். உங்களுக்குக் கணக்கு பிடிக்கும் என்பதால் சொல்கிறேன். ஸ்டாடின் பற்றி நடந்த பெரிய ஆய்வுகளை எல்லாம் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்ததில், எல்டிஎல் ஒவ்வொரு 39 புள்ளி குறையும்போதும் மாரடைப்பு, பக்கவாதம், மறுபடி ஸ்டென்ட் வைக்க வேண்டிய நிலை ஆகியவை கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குறைகின்றன. நீங்கள் கைவிட்டது 68 புள்ளி. வருடக்கணக்கில் பார்த்தால் ஆபத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துக்கொண்டிருந்தது அந்த ஒரு கேப்ஸ்யூல். ஆஸ்பிரினின் பங்கு இதில் சேராது, அது தனி.

"அதான் ஸ்டென்ட் வச்சு அடைப்பை எடுத்துட்டாங்களே" என்பது நீங்கள் அடிக்கடி சொல்வது. ஆஞ்சியோகிராம் ரிப்போர்ட் பச்சை ஃபைலில் இருக்கிறது, எடுத்துப் பாருங்கள். இடது பக்கம் முன்னால் இறங்குகிற குழாயில் 90 சதவீத அடைப்பு. ஸ்டென்ட் வைத்தது அங்கே. அதே தாளில் அடுத்த வரியில் வலது குழாயில் 40 சதவீதம், சுற்றி வருகிற குழாயில் 30 சதவீதம் என்று எழுதியிருக்கிறது. அவற்றை யாரும் தொடவில்லை. தொட வேண்டிய அளவு இல்லை என்பதால் மருந்துக்கு விட்டார்கள். வரப்பில் தண்ணீர் ஒழுகுகிற ஒரு எலிவளையை அடைத்துவிட்டால் மற்ற வளைகளில் எலி இல்லை என்று ஆகிவிடுமா?

அந்த 40-ம் 30-ம் அப்படியே மெதுவாக வளர்ந்து 90 ஆனால்தான் ஆபத்து என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அடைப்பு என்பது குழாய்ச் சுவருக்குள் சேர்ந்த கொழுப்பு. மேலே ஒரு தோல் மூடியிருக்கும். தோல் மெல்லியதாக இருந்தால், அடைப்பு சின்னதாக இருந்தாலும் ஒரு நாள் வெடிக்கும். வெடித்த இடத்தில் சில நிமிடங்களில் ரத்தம் உறைந்து குழாய் முழுக்க மூடிக்கொள்ளும். முந்தின நாள் வரை நடந்தவர் விடியற்காலையில் விழுவது இப்படித்தான். ஸ்டாடினை விடாமல் எடுத்தால் உள்ளே இருக்கிற கொழுப்பு மெல்லக் குறைந்து, மேல்தோல் தடிக்கிறது. இது மாதங்களிலும் வருடங்களிலும் நடக்கிற வேலை. ஸ்கேனிலோ நடையிலோ உங்களுக்குத் தெரியாது.

நிறுத்திய பிறகு கால்வலி குறைந்த மாதிரி இருக்கிறது என்று சொன்னதாக அம்மா சொன்னாள். இதை நான் தள்ளிவிட மாட்டேன். ஸ்டாடினால் தசைவலி வருவது உண்டு. ஆனால் அது ஒரு குறிப்பிட்ட மாதிரியான வலி. தொடை, இடுப்பு, தோள் போன்ற பெரிய தசைகளில், இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் வரும். பெரும்பாலும் மருந்து ஆரம்பித்த அல்லது அளவு கூட்டிய முதல் சில மாதங்களில் தலைகாட்டும். உங்களுக்கு வலிப்பது வலது முழங்கால், படி இறங்கும்போது. அது மூட்டு. அட்டாக் வருவதற்கு முன்பே அதற்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தீர்கள்.

லண்டனில் ஒரு ஆய்வு நடந்தது, 2020-ல் வெளிவந்தது. பக்கவிளைவு தாங்கவில்லை என்று ஸ்டாடினை நிறுத்திய 60 பேரைச் சேர்த்துக்கொண்டு, ஒரு வருடத்துக்கு மாதம் ஒரு டப்பாவாகக் கொடுத்தார்கள். நான்கு டப்பாவில் அடோர்வாஸ்டாடின், நான்கில் அதே மாதிரி இருக்கும் வெறும் மாத்திரை, நான்கு டப்பா காலி. மாத்திரை இருக்கிற மாதங்களில் அது எந்த மாத்திரை என்று யாருக்கும் தெரியாது. தினமும் தொந்தரவுக்கு நூற்றுக்கு எவ்வளவு என்று மதிப்பெண் போட வேண்டும். ஸ்டாடின் மாதங்களில் சராசரி 16, வெறும் மாத்திரை மாதங்களில் 15, காலி டப்பா மாதங்களில் 8. வலி பொய் இல்லை, உண்மையாகவே வலித்தது. ஆனால் கிட்டத்தட்ட எல்லாமே "மாத்திரை போடுகிறேன்" என்பதால் வந்ததே தவிர மருந்தால் வந்தது இல்லை. முடிவைக் காட்டியதும் அவர்களில் பாதிப் பேர் திரும்ப ஸ்டாடினை ஆரம்பித்தார்கள். எனக்குப் பிடித்த ஆய்வு இது. யாரையும் பொய் சொல்கிறாய் என்று சொல்லவில்லை, அவரவர் மதிப்பெண்ணையே எடுத்துக் காட்டியது.

வாக்கிங் நண்பர் அனுப்பிய வீடியோவில் சர்க்கரை வரும் என்கிறார்கள். அதில் உண்மை இருக்கிறது. ஸ்டாடின் ரத்தச் சர்க்கரையைக் கொஞ்சம் ஏற்றும். ஏற்கெனவே எல்லையில் இருப்பவர்களைத்தான் அது அந்தப் பக்கம் தள்ளும். உங்கள் மூன்று மாதச் சர்க்கரை சராசரி 6.1, அதாவது நீங்களும் எல்லையில்தான் நிற்கிறீர்கள். ஆனால் அளவைப் பாருங்கள். 13 ஆய்வுகளைச் சேர்த்துப் போட்ட கணக்குப்படி, 255 பேர் நான்கு வருடம் ஸ்டாடின் எடுத்தால் கூடுதலாக ஒருவருக்குச் சர்க்கரை வருகிறது. எல்டிஎல் 39 புள்ளி குறைந்தால் அதே 255 பேரில் அதே நான்கு வருடத்தில் ஐந்து பேருக்கு மாரடைப்போ அதனால் வரும் சாவோ தவிர்க்கப்படுகிறது. சர்க்கரையைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம், வந்தால் கட்டுப்படுத்தலாம். வருடம் இரண்டு தடவை டெஸ்ட் எடுத்து எனக்கு அனுப்புங்கள். அந்த வீடியோவில் இந்த ஐந்து பேரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, நான் முழுக்கப் பார்த்தேன்.

"கெமிக்கல்" என்றும் சொன்னீர்கள். அத்தை தரும் பூண்டுப் பாலும் மருதம்பட்டைக் கஷாயமும் இயற்கை என்பதால் அதுவே போதுமாம். பூண்டைச் சாப்பிடுங்கள், அது பாட்டுக்கு இருக்கட்டும். கஷாயத்தை மட்டும் டாக்டரிடம் சொல்லிவிட்டுக் குடியுங்கள். எதுவானாலும் கேப்ஸ்யூலின் இடத்தில் இவற்றை வைக்காதீர்கள். இன்னொன்று தெரியுமா? ஸ்டாடினே முதலில் கிடைத்தது அரிசியில்தான். ஜப்பானில் அகிரா எண்டோ என்பவர், விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர், ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைச் சோதித்துப் பார்த்து 1973-ல் ஒன்றைக் கண்டுபிடித்தார். கியோட்டோவில் ஒரு தானியக் கடை அரிசியில் வளர்ந்திருந்த நீலப் பூஞ்சை அது. நீங்கள் சாப்பிடுவது அதன் பிறகு ஆய்வகத்தில் செய்த உறவுக்கார மருந்து, அதை மறைக்கவில்லை. ஆனால் வேர் நெல்லில் இருக்கிறது.

ஆயுசு முழுக்கவா என்றால், ஆமாம் அப்பா, பெரும்பாலும் ஆயுசு முழுக்கத்தான். ஆனால் எந்த மருந்து, எவ்வளவு என்பதில் பேச இடம் இருக்கிறது. நிஜமாகவே தொந்தரவு வந்தால் அளவைக் குறைக்கலாம், ரோசுவாஸ்டாடினுக்கு மாற்றலாம், சிலருக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுப்பார்கள், எசிடிமைப் என்று குடலில் கொலஸ்ட்ராலை உறிஞ்சவிடாமல் தடுக்கிற இன்னொரு மாத்திரையைச் சேர்ப்பார்கள். இத்தனை வழி டாக்டர் கையில் இருக்கிறது. சொல்லாமல் நிறுத்தினால் ஒன்றைக்கூட அவரால் பயன்படுத்த முடியாது. அவர் உங்கள் ரிப்போர்ட்டில் 136-ஐப் பார்த்துவிட்டு "மருந்து போதவில்லை" என்று நினைத்து அளவைக் கூட்டினாலும் கூட்டிவிடுவார்.

இனி எப்படி ஆரம்பிப்பது என்று. டாக்டர் சரி என்றதும் பழைய அளவிலேயே ஆரம்பிக்கலாம், சின்ன அளவிலிருந்து ஏற வேண்டும் என்பது பொதுவாகக் கிடையாது. விட்ட நாட்களுக்குச் சேர்த்து இரண்டாகப் போடவே கூடாது. இதுவரை ராத்திரி என்று எழுதியிருந்தார்கள். டிவி முன்னாலேயே தூங்கிவிடுவதால் பாதி நாள் தவறியது என்று அம்மா சொல்கிறாள். அடோர்வாஸ்டாடின் உடம்பில் ரொம்ப நேரம் நிற்கிற மருந்து, எந்த வேளையில் வேண்டுமானாலும் எடுக்கலாம். ஆஸ்பிரினும் சேர்ந்திருப்பதால் வயிறு நிறைந்திருக்க வேண்டும். அதனால் காலை டிபன் முடிந்ததும், பிரஷர் மாத்திரையோடு சேர்த்துப் போடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். பிரஷர் மாத்திரையை நீங்கள் தவறவிட்டு நான் பார்த்ததில்லை. கிளினிக்கில் சொல்லும்போது இன்னொன்றும் கேளுங்கள்: ஆஸ்பிரினையும் ஸ்டாடினையும் தனித்தனி மாத்திரையாக எழுத முடியுமா என்று. டப்பாவில் ஒன்று கூடும், ஆனால் ஒன்றில் பிரச்சினை வந்தால் மற்றது தப்பிக்கும்.

ஆரம்பித்த ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் கொலஸ்ட்ராலும் எஸ்ஜிபிடியும் எடுத்துவிடுங்கள். எஸ்ஜிபிடி என்பது கல்லீரலுக்கு. அது கொஞ்சம் ஏறியிருந்தால் பயப்பட வேண்டாம். லேப் போட்டிருக்கிற மேல் எல்லையைப் போல மூன்று மடங்கைத் தாண்டினால்தான் யோசிப்பார்கள்.

உடனே டாக்டரைப் பார்க்க வேண்டியவை சில உண்டு. இரண்டு தொடையிலும் தாங்க முடியாத வலி அல்லது உட்கார்ந்தால் எழ முடியாத பலவீனம், சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போவது, கண் மஞ்சளாவது, மலம் தார் மாதிரி கருப்பது. இவை அபூர்வம், ஆனால் வந்தால் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. நெஞ்சு அழுத்தினாலோ இடது கை, தாடை வலித்து வியர்த்தாலோ எனக்கு போன் செய்யாதீர்கள், 108-க்குச் செய்யுங்கள். அப்புறம், சளி இருமல் என்று பக்கத்துத் தெரு டாக்டரிடம் போனால் ஸ்டாடின் எடுப்பதை முதலிலேயே சொல்லுங்கள். கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கும், படர்தாமரைக்குக் கொடுக்கிற இட்ராகோனசோலும் இதோடு ஒத்துப்போகாது. ரத்தத்தில் ஸ்டாடின் அளவை ஏற்றிவிடும். அந்த மாதிரி சமயத்தில் சில நாள் நிறுத்தச் சொன்னால் நிறுத்துங்கள், எந்தத் தேதியில் திரும்ப ஆரம்பிப்பது என்று அப்போதே கேட்டு அட்டையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

நாளைக்குக் கிளினிக் ஒன்பது மணிக்குத் திறக்கும். நம்பர் அம்மாவின் போனில் இருக்கிறது. டாக்டர் என்ன சொன்னார் என்பதை நீங்களே எனக்குச் சொல்ல வேண்டும், அம்மாவிடம் போனைக் கொடுக்கக் கூடாது. புது ரிப்போர்ட் வந்ததும் முழுத் தாளும் தெரிகிற மாதிரி படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். போன தடவை எஸ்ஜிபிடி வரி அம்மாவின் கட்டைவிரலுக்கு அடியில் போய்விட்டது.

அன்புடன்,
உங்கள் மகள்